குரூப்பில் போட்ட பாட்டு

தமிழ்ப் பாட்டுகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்வது என் வேலை. அதைச் சொன்னால், "அதுக்கு எதுக்குக் காசு? குரூப்ல போட்டா போதாதா?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பாட்டுக்கும் ஒரு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்திருக்க மாட்டார்கள்.

கிளமெண்டியில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னிடம் வந்தாள். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. தானே எழுதிப் பாடி, சம்பளக் காசில் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்திருந்தாள். விளம்பரத்துக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். முதல் பாட்டு வீட்டாரைத் தாண்டி யாரிடமும் போகாவிட்டால் மற்ற இரண்டையும் வெளியிடப் போவதில்லை, அப்பா சொல்கிறபடி நர்சிங்கில் சேர்ந்துவிடுவேன் என்றாள்.

செங்காங்கில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காலண்டர் போட்டோம். ஒவ்வொரு பாட்டும் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குப் பல வாரங்கள் முன்பே, பாட்டுச் செயலிகளுக்கு அனுப்பிவைக்கும் விநியோகத் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். அப்போதுதான் அந்தச் செயலிகளில் பிளேலிஸ்ட் தொகுக்கும் பட்டியல் ஆசிரியர்களிடம் விண்ணப்பம் போட முடியும். வெளியான பாட்டுக்கு அங்கே இடம் கேட்க முடியாது. இடையில் பல்லவியை மட்டும் வெட்டிச் சின்ன வீடியோக்கள் போட வேண்டும். எது ஓடுகிறதோ அதன் மேல்தான் விளம்பரக் காசு வைக்க வேண்டும். முதல் வாரத்தில் எத்தனை பேர் முழுதாகக் கேட்டார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள் என்று செயலி பார்க்கிறது. அதைப் பொறுத்துத்தான் தெரியாத ஆளின் காதுக்குப் பாட்டைத் தள்ளுகிறது.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் சித்தி பாட்டை எனக்கே அனுப்பினாள். முழுப் பாட்டு, வாட்ஸ்அப்பில், பலமுறை பகிரப்பட்டது என்ற குறியோடு. கூடவே ரோஜாப்பூ படமும், "தலைவர் பெருமையுடன் வழங்கும்" என்ற வரியும், தலைவரின் முகமும். பாடியவளின் முகம் இல்லை.

தலைவர் என்பவர் லிட்டில் இந்தியாவில் தீபாவளி மேடை நடத்தும் ஒரு சங்கத்தின் தலைவர். அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளைச் சேர்த்தால் ஒரு அடுக்குமாடி புளோக் முழுவதற்கும் திரைச்சீலை தைக்கலாம். மேடையில் அவளுக்கு ஒரு பாட்டு தருவதாகச் சொல்லியிருந்தார். மரியாதைக்காக, கேட்டுப் பார்க்க என்று அவள் ஃபைலை அனுப்பியிருக்கிறாள். அவர் அதைத் தனக்குத் தெரிந்த எல்லாக் குரூப்பிலும் போட்டதோடு, சங்கத்தின் வீடியோ சேனலிலும் ஏற்றிவிட்டார். எங்கள் மக்களுக்கு ஆதரவு என்றால் இதுதான். காசு கொடுக்காமல் கேட்பார்கள், கைகூப்பும் படம் போடுவார்கள், அதோடு கடமை முடிந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டதை எந்தச் செயலியும் எண்ணாது. ஃபைலை வைத்திருப்பவன் வெள்ளிக்கிழமை எதற்காகச் செயலியைத் திறப்பான்?

ஃபேரர் பார்க்கில் அவர் வழக்கமாக உட்காரும் சாப்பாட்டுக் கடையில் போய்ப் பார்த்தோம். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை, நாங்களாக உட்கார்ந்தோம். சேனலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்டேன்.

"ஃப்ரீ பப்ளிசிட்டி மா. ஊர் பூரா கேட்டாச்சு. நன்றி சொல்ல வந்தீங்கன்னு நெனச்சேன்."

"ரிலீஸே ஆகலயே அங்கிள்," என்றாள் அவள்.

"நான் போட்டா ரிலீஸ்தான் லா. என்னமோ ஆல்கரிதம்கிறாங்க. நம்ம ஆளுங்கதான் நமக்கு ஆல்கரிதம்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் காப்புரிமைப் புகார் போடலாம் என்றேன். அதற்கு அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"புகார் போடுற பிள்ளைய நான் எப்படி மேடையில ஏத்துறது?"

புகாரை நான் போட முடியாது, பாட்டின் சொந்தக்காரிதான் போட வேண்டும். ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கும்போது அதை அவளிடம் சொன்னேன். மேடையில் பாடப்போவதை அவள் அப்பா உறவினர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். அவள் வண்டிக்கு நிற்கும்போதே போனில் புகார்ப் படிவத்தை நிரப்பி அனுப்பினாள்.

வீடியோ போனது. மேடையும் போனது. வரிசையை மாற்றினோம். கசிந்த பாட்டைக் கடைசிக்குத் தள்ளினோம். இரண்டாவது பாட்டைப் புதிதாக ஏற்றி, புது வெள்ளிக்கிழமை வைத்து, மறுபடி விண்ணப்பித்தோம். விளம்பரக் காசைத் தொடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. வீடியோக்களை அவள் தன் புளோக்கின் மாடிப்படியில் போனிலேயே எடுத்தாள்.

பட்டியல் ஆசிரியர்கள் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஒரு வீடியோ ஓடியது, பாதியில் அவள் தும்மிவிட்டுத் தொடரும் வீடியோ. இருந்த காசு முழுவதையும் அதன் மேல் வைத்தேன். முதல் வாரம் பாட்டைச் சேமித்தவர்களில் பெரும்பாலோர் ஈப்போ, கோயம்புத்தூர், துபாய்க்காரர்கள். அவளுடைய உறவினர் ஒருவரும் இல்லை, சங்கத்து ஆளும் இல்லை. அடுத்த பாட்டுக்கு எந்த வெள்ளிக்கிழமை என்று அவள் கேட்டாள்.

அந்த வாரமே தலைவரிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. புதுப் பாட்டு நல்லாயிருக்காமே, ஃபைல் அனுப்பு மா, குரூப்ல போடலாம் என்று எழுதியிருந்தார், கைகூப்பும் படத்தோடு.

அவள் பதிலை எனக்குக் காட்டிவிட்டு அனுப்பினாள்: "ஃபைல் இல்ல அங்கிள். லிங்க் இருக்கு. அமுக்கிக் கேளுங்க."

இன்றுவரை அவர் அமுக்கியிருக்க மாட்டார்.