நோக்கத்தைத் திருத்தினார்கள்

தஹ்சீனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். எதிரில் இருப்பவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். மேற்கு மாம்பலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பல வருஷம் வேலை பார்த்துவிட்டோம். அவள் குரல் இறங்குகிறது என்றால் மாணவிகள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுவார்கள்.

ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் உருது, தெருவில் தமிழ். அப்பா குலாம் ரசூல் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மயிலாப்பூர் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சராக இருந்தவள், வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு முடித்து எங்கள் கல்லூரிக்கு வந்தாள். பாடத்திட்டம் எப்படி எழுதுவது, எழுதியதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் அவள் நடத்தும் பாடம். மாணவிகளுக்கு அது தூக்கம் வரவழைக்கும் பாடம். அவளுக்கு மட்டும் அது உயிர் போகிற விஷயம். அப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது என்று எனக்கு உறைத்தது, அடையாற்று அறக்கட்டளை விவகாரத்தில்தான்.

அந்த அறக்கட்டளை, படிப்பை நிறுத்திவிட்ட பெண்களுக்கு வீட்டு நோயாளிப் பராமரிப்பில் ஒரு வருஷப் பயிற்சி கொடுத்து, பிறகு வீடுகளுக்கு வேலைக்கும் அனுப்பி வந்தது. நல்ல காரியம்தான். ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பெண்கள் இரண்டு பஸ் மாறி வந்து படித்தார்கள். படிப்புக்கான அங்கீகாரத்தைப் புதுப்பிக்க, வெளியாள் ஒருவர் பாடத்திட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் சுப்பராமன் எங்கள் முதல்வரைக் கேட்டார். முதல்வர் தஹ்சீனையும் துணைக்கு என்னையும் அனுப்பினார்.

பளபளப்பான அட்டை போட்ட ஆவணத்தைக் கையில் கொடுத்தார் சுப்பராமன். ஓய்வுபெற்ற அதிகாரி. மரியாதை தெரிந்த மனிதர்.

"பெரிய பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து எழுதினது மேடம். நீங்க ஒரு தடவை புரட்டிப் பார்த்தா போதும்."

தஹ்சீன் புரட்டிப் பார்க்கிறவள் இல்லை. மறுநாள் கல்லூரியில் ஒரு பெரிய தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் படிப்பின் நோக்கம் ஒவ்வொன்றும். இரண்டாவதில், அந்த நோக்கத்துக்காக என்ன சொல்லித்தருகிறார்கள், எத்தனை மணி நேரம். மூன்றாவதில், அதைப் பரீட்சையில் எப்படிச் சோதிக்கிறார்கள்.

"நோக்கத்துல வர்ற வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடு போடு ஹம்சினி" என்றாள் என்னிடம்.

போட்டேன். 'படுக்கையில் இருப்பவரைப் பாதுகாப்பாகப் புரட்டிப் படுக்கவைப்பார்.' 'விழுங்கச் சிரமப்படுபவருக்கு உணவூட்டுவார்.' 'உடல்நிலையில் மாற்றத்தைக் கவனித்து உடனே தெரிவிப்பார்.' கிட்டத்தட்ட எல்லாமே கையால் செய்கிற வேலை. படிக்கச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது கட்டத்துக்கு வந்தோம். எலும்புகளின் பெயர்கள், நோய்களின் பெயர்கள், ஆங்கிலப் பேச்சு, ஆளுமை மேம்பாடு. இவற்றுக்கே வருஷத்தின் பெரும்பகுதி போயிருந்தது. புரட்டுவது, தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்கும் குறைவு.

மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றுமே இல்லை. பரீட்சை என்பது நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வித்தாள் மட்டும்தான். அதிலும் மருத்துவமனை நிர்வாகம் பற்றிச் சில கேள்விகள். அது நோக்கத்திலும் இல்லை, பாடத்திலும் இல்லை. யாரோ வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

"இந்தப் பரீட்சையில ஃபர்ஸ்ட் வர்றதுக்கு ஒரு நோயாளியைத் தொட்டிருக்கவே வேண்டாம்" என்றாள். குரல் இறங்க ஆரம்பித்திருந்தது.

காகிதத்தில் பார்த்தது போதாது என்று பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போனோம். அங்கே பயிற்றுநர் கயல். நர்ஸ் படிப்பு முடித்த இளம்பெண். செய்முறை அறையைக் காட்டச் சொன்னோம். தயங்கித்தான் திறந்தாள். ஒரே ஒரு கட்டில். அதன்மேல் பழைய கேள்வித்தாள் கட்டுகள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். ஆரம்பத்துல நான் நடத்திக்கிட்டுதான் இருந்தேன். பொண்ணுங்களே கேட்டுட்டாங்க, இது எக்ஸாமுக்கு வருமா மிஸ்னு. வராதுன்னு தெரிஞ்சா யாரு நிப்பா? ரிசல்ட் குறைஞ்சா என்னைத்தான் கேப்பாங்க."

தஹ்சீன் அவளைக் குறை சொல்லவில்லை. "பரீட்சை எதைக் கேக்குதோ அதுதான் பாடமா ஆகும். உன் தப்பு இல்ல" என்றாள்.

பழைய மாணவிகளிடம் பேச வேண்டும் என்று சுப்பராமனிடம் சொன்னபோது அவரே சில பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். "எல்லாரும் நல்லா செட்டில் ஆயிட்டாங்க. ஒரே ஒரு பொண்ணுதான் எங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தா. அலட்சியம். அவளை வேலைக்கு அனுப்பறதை நிறுத்திட்டோம்."

அந்த ஒரு பெண்ணின் பெயர் தேவானை. அவளுடைய கைப்பேசி எண்ணைக் கயல் கொடுத்தாள். தி. நகரில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றுகொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடைக்குப் பின்பக்கச் சந்தில் வைத்துப் பேசினோம்.

பெசன்ட் நகரில் ஒரு வீட்டுக்கு அவளை அனுப்பியிருக்கிறார்கள். வாதத்தில் படுத்துவிட்ட பெரியவர். கனத்த உடம்பு.

"புக்குல படம் பாத்துகீறேன் மேடம். அவ்ளோதான். அவரைத் திருப்பப் போனா வலிக்குதுன்னு கத்துவாரு. எங்க கைய வெக்கணும், எப்படி இழுக்கணும்னு ஒண்ணும் தெரியல. கத்துறாரேன்னு அப்டியே வுட்டுட்டேன். முதுகுக்குக் கீழ செவந்துகினு வந்துச்சு. பொறவு தோலு உரிஞ்சு புண்ணாயிடுச்சு. அந்த வூட்டம்மா என்னை நாக்கைப் புடுங்கிக்கிற மாரி கேட்டாங்க. ஆபீசுல போய் சொன்னா, நீ ஒழுங்கா பாத்திருந்தா ஏன் வருதுன்னாங்க."

"யாராவது உனக்குப் புரட்டிக் காமிச்சாங்களா?"

"இல்ல மேடம். நான்தான் எங்க செட்டுல ஃபர்ஸ்ட். அதனாலதான் முதல்ல என்னை அனுப்புனாங்க."

திரும்பி வந்து தஹ்சீன் அவளுடைய விடைத்தாளைக் கேட்டு வாங்கினாள். படுக்கைப்புண் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் தேவானை சரியான விடையையே தேர்ந்தெடுத்திருந்தாள். புண்ணின் நிலைகளின் வரிசை சரி. எந்த இடத்தில் முதலில் வரும், எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், எல்லாம் சரி. முழு மதிப்பெண். தஹ்சீன் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"இவளை அலட்சியம்னு சொல்லிட்டாங்க" என்றாள். எனக்கே குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

அறிக்கையை எழுதினாள். நோக்கம் ஒன்று, பாடம் ஒன்று, பரீட்சை வேறு ஒன்று. செய்முறை நேரத்தைக் கூட்ட வேண்டும். கட்டிலின் பக்கத்தில் ஒவ்வொரு பெண்ணும் செய்து காட்ட வேண்டும். அதில் தேறாதவருக்கு எழுத்துப் பரீட்சை மதிப்பெண்ணை வைத்துச் சான்றிதழ் தரக்கூடாது. திருத்தும்வரை கையெழுத்து இல்லை.

ஒரு மாதம் கழித்து சுப்பராமன் கூப்பிட்டார். குளிர்ந்த அறை, பில்டர் காபி, புது அட்டை போட்ட ஆவணம்.

"நீங்க சொன்னபடியே எல்லாத்தையும் பொருத்திட்டோம் மேடம். உங்க மூணு கட்டத்தை நீங்களே போட்டுப் பாருங்க."

தஹ்சீன் திறந்தாள். பாடம் மாறவில்லை. பரீட்சை மாறவில்லை. நோக்கம் மாறியிருந்தது. 'புரட்டிப் படுக்கவைப்பார்' என்பது 'புரட்டிப் படுக்கவைப்பதன் முக்கியத்துவத்தை அறிவார்' ஆகியிருந்தது. 'உணவூட்டுவார்' என்றிருந்த இடத்தில் 'உணவூட்டும் முறைகளைப் பட்டியலிடுவார்'. மருத்துவமனை நிர்வாகத்துக்கும் புதிதாக ஒரு நோக்கம் எழுதி, அதற்கு இரண்டு வகுப்பும் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு கட்டம்கூட இப்போது காலியாக இல்லை.

"பொருந்துதா இல்லையா?" என்றார் சுப்பராமன்.

"பொருந்துது சார். பொருந்தினா மட்டும் போதுமா? ஒண்ணுத்துக்கும் உதவாததை எல்லாம் அழகா ஒண்ணோட ஒண்ணு பொருத்தி வெச்சிருக்கீங்க."

"நீங்க கேட்டது இதைத்தானே?"

"நோக்கம் எங்கேயிருந்து வரணும்? அந்தப் படுக்கையில கிடக்கிறவருக்கு என்ன தேவையோ அதுலேயிருந்து. அதுக்குத் தகுந்த மாதிரி பாடம், அப்புறம் பரீட்சை. நீங்க பரீட்சையிலேயிருந்து தொடங்கிப் பின்னால நடந்து வந்திருக்கீங்க."

"செய்முறைப் பரீட்சைன்னா வெளியிலேயிருந்து ஆள் வரணும், கட்டில் வேணும், நாள் வேணும். எங்க நிலைமையையும் பாருங்க."

"பாக்கறேன் சார். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. வாசல்ல 'பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் கிடைப்பார்கள்'னு போர்டு இருக்கு. அதை எடுத்துட்டு 'பராமரிப்பின் முக்கியத்துவத்தை அறிந்தவர்கள் கிடைப்பார்கள்'னு எழுதிப் போடுங்க. வேலைக்குக் கூப்பிடற வீட்டுக்கெல்லாம் அதையே சொல்லுங்க. நான் இங்கேயே கையெழுத்துப் போடறேன்."

சுப்பராமன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒரு பொண்ணு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு..."

"அந்தப் பொண்ணு உங்க பரீட்சையில ஃபர்ஸ்ட். நீங்க கேட்டதுக்கெல்லாம் சரியா பதில் சொன்னவ. தேவைப்பட்டதை நீங்க கேக்கவும் இல்ல, சொல்லித்தரவும் இல்ல. ஒரு பெரியவர் முதுகு புண்ணாச்சு, அவ வேலை போச்சு. உங்க ஆவணத்துக்குப் புது அட்டை."

காபியைத் தொடாமல் எழுந்தாள்.

அதன்பிறகு நடந்தது எளிதாக இல்லை. எங்கள் முதல்வருக்குப் போன் வந்தது. "ஒரு கையெழுத்துதானேம்மா" என்றார் அவர். தஹ்சீன் தன் இரண்டாவது அறிக்கையை அவர் மேஜையில் வைத்து, "இதைப் படிச்சுட்டு நீங்க போடுங்க சார்" என்றாள். அவர் படித்தார். போடவில்லை. அங்கீகாரம் தரும் இடத்துக்கு வெளியாள் அறிக்கையும் கோப்போடு போயாக வேண்டும். போனது. எந்த நோக்கம் எப்படி மாற்றப்பட்டது என்று பழைய வரியும் புது வரியும் பக்கத்தில் பக்கத்தில் அதில் இருந்தன. திருத்தச் சொல்லிக் கோப்பு அறக்கட்டளைக்கே திரும்பி வந்தது.

இப்போது அறக்கட்டளையில் பழைய நோக்கங்கள் திரும்பிவிட்டன. கட்டில் இன்னும் சில வந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பக்கத்தில் நின்று பார்க்க, ஒவ்வொரு பெண்ணும் புரட்டிக் காட்டுகிறாள், ஊட்டிக் காட்டுகிறாள். கயல் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆளுமை மேம்பாட்டு வகுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, அதை நடத்துபவர் யாருக்கோ உறவினராம். தஹ்சீனை அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை.

தேவானை பெயரை மறுபடி சேர்க்க வேண்டும் என்று தஹ்சீன் தனியாகச் சண்டை போட்டாள். 'மீண்டும் முழுப் பயிற்சியில் சேர்ந்தால் பரிசீலிக்கப்படும்' என்று முதலில் பதில் வந்தது. மறுபடி எழுதிக் கேட்டபின், செய்முறை மட்டும் படித்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். 'அலட்சியம்' என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

இதைச் சொல்ல நாங்கள் மறுபடி அந்தப் புடவைக் கடைக்குப் போனோம். பண்டிகைக் கூட்டம். தேவானை கையில் மடிப்புக் கலைந்த புடவைகளோடு நின்றபடியே கேட்டாள்.

"வேணாம் மேடம். இங்க நிக்கறதுலயே கால் வீங்குது, ஆனா எம்மேல யாரும் பழி போடல."

"உன் மேல தப்பு இல்லைன்னு என் அறிக்கையில எழுதியிருக்கேன்."

"நீங்க சொன்னீங்க மேடம். அவங்க சொன்னாங்களா?"

யாரோ ஒரு அம்மாள் பச்சை நிறத்தில் அதே கரை இருக்கிறதா என்று கேட்க, தேவானை அந்தப் பக்கம் திரும்பினாள். நாங்கள் வெளியே வந்து மாம்பலம் ஸ்டேஷனை நோக்கி நெரிசலில் நடந்தோம். தஹ்சீன் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது ஒன்றுமே எனக்குக் கேட்கவில்லை.