சாயக் கையோடும் வாங்க

செய்தி வந்தபோது மணி நான்கு இருபது. ஆரணி கிளை நூலகத்தை அப்போதுதான் மாலை நேரத்துக்குத் திறந்திருந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில் தனக்கோடி சார் இறந்துவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார். தேசிய நூலக வாரத்துக்கு மூன்று நாள் இருந்தது.

அவர் எங்கள் நூலகர். நான் உதவியாளன். மூன்று வருடத்துக்கு முன்னால், 1982இல், மேலதிகாரி ஒருவர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். "சிறுவர் புத்தகத்தை யாரும் எடுக்கிறதில்லையே. இந்த நூலக வாரம் முடிஞ்சும் இப்படியே இருந்தா, அலமாரியைப் போளூருக்கு அனுப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசல் துணிக்கு வாசகம் எழுதும் வேலை எனக்கு. நான் பி.ஏ. தமிழ். "அறிவுக் கருவூலத்தின் பொற்கதவம் திறந்தது, வருக!" என்று எழுதினேன். கட்டித் தொங்கவிட்டோம். வழக்கமாகப் பேப்பர் படிக்க வரும் அதே பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

இரண்டாம் நாள், பட்டுநூலுக்குச் சாயம் தோய்க்கும் வீட்டுக் கண்ணகி, மகள் கையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கம்மா, ஏன் நின்னுகினு இருக்கீங்க?" என்றார் தனக்கோடி சார்.

"பொண்ணு நெதம் இந்த வழியா போவ சொல்லோ எட்டிப் பாக்குது சார். மேல இன்னாமோ கதவுன்னு எழுதிக்கீது. படிச்சவங்களுக்கு போலன்னு நெனைச்சேன். என் கையும் பாருங்க, செவப்பு. புக்கத் தொட்டா ஒட்டிக்குமே."

சார், வாசல் துணிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வெள்ளைத் துணியை நீட்டினார். "இதுல நல்லா தொடைங்க."

கண்ணகி அழுத்தித் துடைத்தார். ஒரு பொட்டுக் கறையும் ஒட்டவில்லை.

"வெள்ளைத் துணியே சும்மா கீது. புக்கு மட்டும் இன்னா கோச்சிக்குமா?" என்றார் சார்.

கண்ணகி சிரித்துவிட்டார். மகள் அதற்குள் அலமாரிக்குப் போய்விட்டாள். உறுப்பினர் படிவத்தை நான் நிரப்பினேன். பிணைக் கையெழுத்துக்கு எந்த வாத்தியாரைப் பார்க்கலாம் என்று சார் சொல்லிக் கொடுத்தார்.

அன்றே என் பொற்கதவத்தை இறக்கினார். "கோச்சிக்காதப்பா, உன் தமிழ் நல்லா கீது. வாசல்ல நிக்கிறவங்க ஒருத்தருமே அப்படிப் பேசல" என்றார். கண்ணகி கை துடைத்த அதே துணியில் தன் கையாலேயே எழுதினார்:

"பிள்ளையோடு வாங்க. சாயக் கையோடும் வாங்க. முதல் முறையா? உங்களுக்காகத்தான் திறந்திருக்கோம்."

வாரக் கடைசியில் நாற்பத்தொரு புது உறுப்பினர்கள். சிறுவர் அலமாரியில் பாதி காலி. அது போளூருக்குப் போகவில்லை, இனியும் போகாது.

பழைய துணி நைந்துவிட்டதால், இந்த வருடத்துக்குப் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். நெஞ்சுவலி வந்த அன்று பாதியில் வைத்த துணி அவர் மேசையில் இருக்கிறது. "முதல் முறையா" வரை பெயிண்ட் காய்ந்திருக்கிறது. கேள்விக்குறியிலிருந்து பென்சில் கோடு.