ஐந்து மட்டும் மாறவில்லை

எனக்குத் தோற்பது அறவே பிடிக்காது. முதலியார்பேட்டையில் அடுத்த தெருவில் இருந்த அந்தக் கணவன் மனைவியை அண்ணன், அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவேன். ஆனால் சுடோகு என்று உட்கார்ந்துவிட்டால் அண்ணன் எனக்கு எதிரிதான். நான் பென்சிலும் ரப்பருமாக மல்லுக்கட்டும்போது மனிதர் பேனாவால் போடுவார்.

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முன்பு அது. பிரவுசிங் சென்டரில் வெளிநாட்டுப் புதிர்களை அச்செடுத்து வந்து ஞாயிறு மத்தியானங்களில் மூன்று பேரும் போடுவோம். கட்டங்களின் ஊடே கோடு போட்ட சுடோகு என்றால் எங்களுக்கு உயிர். ரென்பான் கோட்டில் வரும் எண்கள் அடுத்தடுத்த எண்களாக இருக்க வேண்டும், வரிசை எப்படியும் இருக்கலாம். நான்கு கட்டக் கோட்டில் 6, 3, 5, 4 என்று வந்தால் சரி. இன்னொன்று பாலிண்ட்ரோம். எந்த முனையிலிருந்து படித்தாலும் ஒன்றுபோல வரும் என்பதால் நாங்கள் அதை விகடகவிக் கோடு என்போம்.

அக்கா சொந்தமாகவே புதிர் கட்டுவாள். முதலில் கட்டம் முழுக்க எண்களை நிரப்பி, அவற்றுக்குப் பொருந்தும்படி கோடு வரைந்து, பிறகு எண்களை அழித்துவிடுவாள்.

அந்த மாசியில் அண்ணன் போய்விட்டார். தலைக்குள் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு கண் திறக்கவே இல்லை.

ஆடி மாதம் அக்கா என்னிடம் ஒரு புதிரை நீட்டினாள். ரென்பானும் விகடகவியும் கலந்தது. எண் என்று இருந்தது நட்டநடுவில் ஒரே ஒரு 5 தான். "போட்டுப் பாரு. யார்கிட்டயும் கேக்காத" என்றாள்.

வீட்டில் உட்கார்ந்து போட்டேன். மூலையில் இருந்த ஒன்பது கட்டச் சதுரத்துக்குள்ளேயே ஐந்து கட்டத்துக்கு ஒரு ரென்பான். ஒன்று முதல் ஐந்தோ, ஐந்து முதல் ஒன்பதோ, இடையில் எதுவோ, ஐந்து இல்லாமல் அந்தக் கோடு அமையாது. ஒரு சதுரத்தில் ஓர் எண் ஒரு தடவைதான் வரும், ஆகவே அங்கே கோட்டுக்கு வெளியே 5 கிடையாது. விகடகவியில் ஒரு முனைக்கு ஆகாத எண் மறுமுனைக்கும் ஆகாது. இப்படியே அடித்துக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் நாலா ஆறா என்று நின்றேன். ஆறைப் போட்டேன். எங்கும் இடிக்காமல் கடைசிவரை ஓடியது. நாலைப் போட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கு ஏது?

வீராம்பட்டினம் தேருக்குப் போகிற கூட்டத்தில் வண்டியை நுழைத்து, பெருமையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கரண்ட் இல்லை. நடுப்பகலிலும் கூடம் மங்கிக் கிடந்தது. தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மொத வரிசையப் படி."

"எட்டு, ஒண்ணு, ஆறு..." என்று ஆரம்பித்தேன்.

"அஞ்சு, மூணு, ஒம்போது, ஏழு, நாலு, ரெண்டு" என்று அவள் முடித்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என் தாளை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

"விடைய வச்சுக்கினு என்னைச் சோதிக்கிறியாக்கா?" என்று சிரித்தேன்.

"என் விடை இது இல்ல" என்று தன் தாளை எடுத்து வைத்தாள். 2, 9, 4, 5, 7, 1, 3, 6, 8. அடுத்த வரிசையும் வேறு. ஒவ்வொரு கட்டமும் வேறு. ஐந்துகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவள் எண்ணையும் என் எண்ணையும் கூட்டிப் பார்த்தேன். எங்கே கூட்டினாலும் பத்து. பிறகுதான் மண்டையில் உறைத்தது. எல்லா எண்ணையும் பத்திலிருந்து கழித்தாலும் அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்தே இருக்கும், விகடகவி விகடகவியாகவே இருக்கும். எந்த விடைக்கும் இப்படி ஒரு நிழல் உண்டு. அதை விரட்ட வேறு ஒரு எண்ணாவது கொடுத்திருக்க வேண்டும். அவள் கொடுத்தது ஐந்து. பத்தில் ஐந்து போனால் மறுபடி ஐந்துதான்.

"ரெண்டு விடை இருக்குக்கா! உன்னுதும் சரி, என்னுதும் சரி" என்றேன். கண்டுபிடித்த குஷியில் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அது உன்னுது இல்ல. அவருது."

வெளியே பஸ் ஹாரன்கள் ஓயவே இல்லை.

"ஆஸ்பத்திரில இதப் போடக் குடுத்தேன். பேனாவாலயே போட்டாரு. மொத வரிசைய சத்தமா படிச்சுக் காட்டுனாரு. என் விடையோட பாத்தேன், அஞ்சத் தவிர ஒண்ணுகூட ஒத்துப்போவல."

"சரிக்கா, அதனால என்ன?"

"அன்னிக்குத்தான் ஆபரேஷன் வேணாம், வீட்டுக்குப் போலாம்னு கையப் புடிச்சுக்கினு சொன்னாரு. தெளிவாத்தான் பேசுறாரான்னு டாக்டர் என்னைக் கேட்டாரு. இல்ல சார், புத்தி பெரண்டுபோச்சுன்னு சொல்லிட்டு, ஆபரேஷனுக்கு நான் கையெழுத்து போட்டேன்."

அந்தக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்று தோன்றியது. எழுந்து ஓடிவிடலாம் போலப் பயமாக இருந்தது.

அக்கா என் தாளின் முதல் வரிசையை விரலால் தடவினாள்.

"வேணாம்னு தெளிவாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.