ஓசி டப்பா எது?

சேலத்தில் ஒரு பாத்திரக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளி திறக்கும் நேரம். முப்பது ரூபாய் சாப்பாட்டு டப்பா இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். நான் இரண்டு வரிகளில் முப்பது என்றும் மூன்றாவதில் 'இலவசம்' என்றும் எழுதிவந்தேன்.

இளம்பிள்ளையிலிருந்து வந்ததாகச் சொல்லி மூன்று டப்பா வாங்கிய ஓர் அம்மா, மறுநாள் மூடி சேராத ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். மாற்றித்தரச் சரக்கு இல்லை. பணத்தைக் கேட்டார்.

"ஓசியில வந்ததுக்குப் பணமாங்க?" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மூணும் ஒரே மாதிரிதானுங்க இருக்குது. இதுல ஓசி எதுங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் டப்பாவோடு போய்விட்டார்.

முதலாளி பில் நகலைப் பார்த்தார். "ஓசின்னு விட்ட முப்பது ரூபாயத் தள்ளுபடியா மூணுலயும் பத்துப் பத்தாக் கழிச்சு, இருபது இருபதுக்கு விற்பனை வரி போட்டிருக்கோணும். எது திரும்புனாலும் இருபதும் அதோட வரியும் குடுத்திருக்கலாம். அந்தம்மா கேட்டது நியாயந்தானே?"

மாலையில் பணத்தோடு இளம்பிள்ளைக்குப் பஸ் ஏறினேன். பில்லில் பெயர்கூட எழுதியிருக்கவில்லை. யாரிடம் விசாரிப்பது? அந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

எனக்கும் மூன்று பிள்ளைகள். காலையில் அவர்களுடைய டப்பாக்களை மூடும்போது, மூன்று மூடிகளும் சேர்கின்றனவா என்று இன்றும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறேன்.