இடப்பக்கம் தாழ்ந்த கதிரை

யுத்தத்தின் கடைசி வருடங்களில் திருகோணமலையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை செய்தேன். உட்துறைமுகத்தைப் பார்த்த மேல்மாடி வீடொன்றில் தனிப் பெண்ணாக வாடகைக்கு இருந்தேன். கொழும்புக்கு மாற்றம் வந்தபோது என்னிடமிருந்த ஒரே பெரிய சாமான் சோபா செட்தான். வீட்டுக்காரர் பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்டிருந்ததை நான் அவரிடம் வாங்கியிருந்தேன்.

அந்த நாளில் நகரத்து அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்குள் ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் குளிர்சாதனப் பெட்டி, கட்டில், சைக்கிள் எல்லாம் அதில்தான் விற்பார்கள். பொய் எழுதினால் வாங்கியவர் அடுத்தநாளே குழுவிலேயே எழுதிவிடுவார். ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதினேன்:

"பாவித்த சோபா செட். மூன்று பேர் இருக்கும் செற்றி ஒன்று, ஒற்றைக் கதிரை இரண்டு. தேக்குச் சட்டம், உறுதி. பச்சைத் துணி கைப்பிடிகளில் வெளிறிவிட்டது. செற்றியின் பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தைத்திருக்கிறது. ஒற்றைக் கதிரை ஒன்றின் இருக்கை தாழ்ந்திருக்கிறது. தட்டி நிமிர்த்தினாலும் மறுநாள் தாழ்ந்துவிடும். பிரித்துக் கொடுக்கமாட்டேன். வந்து பார்த்து, நீங்களே லொறி கொண்டுவந்து ஏற்ற வேண்டும். படி ஒடுக்கம், தூக்க இரண்டு பேர் தேவை. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலுக்குள் வரவும். சோதனைச் சாவடிக்குக் காட்டக் கிராம சேவகரின் கடிதம் எடுத்துத் தருவேன்."

மறுநாள் தாழ்ந்துவிடும் என்று எழுதியபோதுதான் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அந்தக் கதிரையில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. வேறு யாரும் அந்த வீட்டுக்கு வருவதுமில்லை.

ஒரேயொரு பதில் வந்தது. இன்னொரு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த பெண் எழுதியிருந்தார். விலை கேட்கவில்லை. "தாழ்ந்த கதிரை எந்தப் பக்கம் அதிகமாகத் தாழ்ந்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

போய்ப் பார்த்தேன். இடப்பக்கம். அப்படியே எழுதினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் சின்ன லொறி ஒன்றோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். வாசலிலேயே நின்று கதிரையைப் பார்த்தார்.

"இருங்கோ," என்றேன்.

"இல்லை, நிக்கிறன்." குரல் மிகத் தணிந்திருந்தது. "இது எங்கட வீட்டுச் சாமான். சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து போனனாங்கள். திரும்பி வந்து பாக்கேக்கை வீட்டிலை கதவுகூட இல்லை."

"எனக்குத் தெரியாது. கடையிலை வாங்கினதெண்டுதான் வீட்டுக்காரர் சொன்னவர்."

"நீங்கள் என்ன செய்வீங்கள்? என்ர மனுசனுக்கு வலது இடுப்பிலை பழைய காயம். எப்பவும் இடப்பக்கம் சரிஞ்சுதான் இருப்பார். துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர். பிறகு ஒரு செய்தியும் இல்லை. மூண்டு வருசம்."

மூன்று வருடமாக யாரும் இருக்காத கதிரையின் இருக்கை எங்கள் இருவருக்கும் நடுவில் அமுங்கிக் கிடந்தது.

"முழுசையும் கொண்டுபோங்கோ. உங்கட சாமான்தானே," என்றேன்.

"வேண்டாம். நான் இருக்கிறது ஒரு அறை, இடமில்லை. பிரிச்சுக் குடுக்கமாட்டன் எண்டு எழுதியிருந்தியள். இந்த ஒண்டைத் தர ஏலுமோ?"

"ஓம், ஓம். கொண்டுபோங்கோ." விலை பேச மனம் வரவில்லை.

கிராம சேவகரிடம் போய்க் கடிதத்தில் கதிரை ஒன்று என்று திருத்தி எழுதுவித்து வாங்கி வந்தேன். சாரதியும் நானுமாகத் தூக்கினோம். அளவுக்கு மீறிக் கனத்தது. படியின் திருப்பத்தில் சாரதி நின்று மூச்சு வாங்கி, "என்ன அக்கா, உள்ளுக்குள்ளை என்ன கிடக்கு?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண் பின்னால் இறங்கி வந்தவர், "கவனம், கவனம்," என்றார். அதை எங்களுக்குச் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை.

லொறியின் பின்தட்டில் கதிரையை வைத்து, தூசிக்காக வெள்ளைச் சீலையால் மூடினோம். அவர் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஏறினார்.

மிச்சச் செட்டைக் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு வியாபாரி கேட்டார். ஏற்றிக்கொண்டு போக அதே சாரதியையே திங்கட்கிழமை கூப்பிட்டேன். அவர் படியேறி வந்ததும் முதலில் கதிரை இருந்த மூலையைப் பார்த்தார்.

"அண்டைக்குச் சென்றிச் சாவடியிலை மறிச்சவங்கள், அக்கா. கடிதத்தைக் காட்டினனான். என்ர அடையாள அட்டையையும் அவவின்ரையையும் ஆமிக்காரன் பாத்துக் குடுத்தவன். பிறகு பின்னுக்குக் கையைக் காட்டி, மற்ற ஆளின்ர அட்டை எங்கையெண்டு கேட்டவன்."

"பிறகு?"

"கதிரை மட்டும்தான் எண்டு சொன்னனான். போய்ச் சீலையைத் தூக்கிப் பாத்தான். உடனே போகச் சொல்லிப்போட்டான்."

"அவ என்ன சொன்னவ?"

"அவ திரும்பியே பாக்கேல்லை. அழுதுகொண்டிருந்தவ. ஆனா எனக்குப் பாக்கச் சந்தோசமா இருந்த மாதிரித்தான் தெரிஞ்சது."

செற்றியை நிமிர்த்திப் பிடித்து இருவரும் படியில் இறக்கினோம். அது இலேசாக இருந்தது.