ஒற்றைக் கண்ணும் மூன்று நாய்களும்

போன வருஷம் எங்கள் பூனைக்கு இரண்டு கண்ணிலும் உள்மூலையிலிருந்து வெள்ளைத் தோல் பாதிவரை ஏறியது. அலறியடித்துக்கொண்டு ஓடினேன். "இது மூணாவது இமைம்மா. வயித்தோட்டத்துக்குப் பொறவு இப்படி ரெண்டு கண்ணுலயும் தெரியும். நல்லாத் தின்னுது, கண்ணைச் சுருக்கல. தானா இறங்கிரும்" என்று டாக்டர் பூச்சி மருந்து மட்டும் கொடுத்தார். சில வாரத்தில் இறங்கியும் விட்டது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் பூனைக் கண்ணுக்கு நான்தான் டாக்டர்.

இந்த வருஷம் இடது கண்ணில் மட்டும் அதே தோல். "ஏட்டி, ஒரு கண்ணுலதான் இருக்கு. சுருக்கிக்கிட்டே தண்ணி வடிக்குது. காட்டிட்டு வந்துருவமா" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்குப் பேண்டேஜ் துணி நெய்யுற தறியைப் பத்தித் தெரியும். பூனையைப் பத்தி என்ன தெரியும்?" என்று வாயை அடைத்தேன். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது மிஞ்சிய சொட்டு மருந்தை நானே எடுத்துப் பூனைக் கண்ணில் விட்டேன். மனுஷக் கண்ணுக்கு ஆகிறது பூனைக்கு ஆகாதா என்ன? மூன்றாம் நாள் காலை அந்தக் கண் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது.

வயர் கூடையில் பூனையைப் போட்டு, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டிலுள்ள டாக்டரிடம் போனோம். ராஜபாளையத்தில் கேட்கவா வேண்டும், வாசலில் மூன்று பேர், மூன்று வெள்ளை நாய்கள். மூவரும் அன்றைக்கு நாயை வெளியூர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்களாம்.

"யக்கா, நல்ல காரியமாப் போறோம். பூனையைக் குறுக்க கொண்டு போயிராதீக. நாங்க பாத்துட்டுப் போன பொறவு போங்க" என்றார் ஒருவர். கதவுக்குப் போக அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசலிலேயே நின்றேன். உள்ளே போன முதல் நாய் நகம் வெட்டி வெளியே வரவே அரைமணி நேரம் ஆனது.

பொறுக்கமுடியாமல் நான் சத்தம் போட, டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"ஒண்ணு. கலங்கிருச்சு."

"அப்ப அதுதான் முதல்ல. இதுக்கு நேரமாச்சுன்னா கண்ணே போயிரும். நீங்க எல்லாரும் செத்த நேரம் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுங்க. பாக்காட்டி சகுனமே இல்ல."

மூன்று ஆம்பளைகளும் நிஜமாகவே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். நாய்கள்தான் திரும்பவில்லை. ஒருவர் தன் நாயின் கண்ணைக் கையால் பொத்தினார்.

டாக்டர் ஒரு சாயக் காகிதத்தை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல விளக்கைக் காட்டினார். கருவிழியில் ஒரு கோடு பச்சையாக ஒளிர்ந்தது. சண்டையில் நகம் பட்ட புண். "என்ன மருந்து விட்டீக?" பாட்டிலைக் கொடுத்தேன். "இது ஸ்டீராய்டும்மா. புண்ணை ஆறவிடாது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூடையின் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

வேறு சொட்டு மருந்தும், கண்ணைப் பிறாண்டாமலிருக்கக் கழுத்தில் எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய வளையமுமாகப் புண் ஆறியது. பார்வை பிழைத்தது. கண்ணில் கடுகளவு வெள்ளை மட்டும் தங்கிவிட்டது. தினமும் சோறு வைக்கும்போது அது என்னையே பார்க்கிறது. "அன்னைக்கே சொன்னேன்ல" என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். இன்றுவரை சொல்லவில்லை, பாவி மனுஷன்.