வீட்டில் இருந்தால் இரண்டு ரூபாய்

என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் வைண்டர் எலெக்ட்ரீஷியன். ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றுகிற கேஜை இழுக்கும் பெரிய மோட்டார் இருக்கிறதே, அதற்கு வைத்தியம் பார்க்கிறவர். வாரநாளில் ஷிப்டுக்குப் போவார், வருவார், அதில் எனக்கு ஒரு வம்பும் இல்லை. என் பிராணனை வாங்கியது ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த ஸ்டாண்ட்பை.

ஞாயிறு அன்று முழு ஷிப்டு கிடையாது. பம்புக்காரர்களும், கேஜ் இறங்குகிற ஷாஃப்டுக் குழியில் மரம் மாற்றுகிற சின்ன கேங்கும் மட்டும் இறங்குவார்கள். அவர்களுக்காக ஒரு எலெக்ட்ரீஷியனை மோட்டார் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார வைக்கக் கம்பெனிக்கு மனசு வரவில்லை. ஆகவே அவர் வீட்டிலேயே காத்திருக்க வேண்டும். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை. ஏதாவது பழுதானால் பியூன் சைக்கிளில் சிலிப் கொண்டுவருவார், இவர் உடனே கிளம்ப வேண்டும். காத்திருப்பதற்கு அலவன்ஸ் இரண்டு ரூபாய். பியூன் வந்து கதவைத் தட்டும்போது ஆள் இல்லையென்றால் அந்த இரண்டு ரூபாயும் போய், மேலே ஒரு மெமோவும் வரும்.

வீட்டில் இருப்பதற்குக் காசு கொடுக்கிறான், கசக்குதா என்று எங்கள் கம்பெனிக் குடியிருப்பு லைனில் இருந்த பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். இருந்து பார்த்தால் தெரியும். அவர் குளிக்கப் போனால் நான் வாசலில் காது கொடுத்து நிற்க வேண்டும். அவர் கண் அசந்தால் நான் விழித்திருக்க வேண்டும். பக்கத்துச் சுரங்கமான சாம்பியன் ரீப்ஸில் இருந்த என் அக்காவுக்குக் குழந்தை பிறந்து, தீட்டுக் கழிக்கிற அன்றைக்குக்கூட ஸ்டாண்ட்பை. நடந்தால் முக்கால் மணி நேரம். நான் போகவில்லை. அக்கா ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனி ஒருத்தருக்கு அலவன்ஸ் கொடுத்துவிட்டு இரண்டு பேரைக் கட்டிப்போட்டது.

அதுகூடப் பரவாயில்லை என்பேன். வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். கூப்பிட்டு வேலைக்குப் போனால், போன நேரத்துக்கு இரட்டைக் கூலி. அவருக்கு அது மணிக்கு ஒரு ரூபாய் எண்பது பைசா. ஆனால் கூப்பிட்ட நாளுக்கு அலவன்ஸ் கிடையாது. ஒரே நாளுக்கு இரண்டு வகையில் காசு தர முடியாது என்பது டைம் ஆபீஸ் சட்டம். நேரத்தை எப்படிக் கணக்குப் பண்ணுவார்கள் என்றால், கேட்டில் டோக்கன் எடுத்ததிலிருந்து டோக்கனைத் திரும்ப மாட்டுகிற வரை. பியூன் தட்டியது, சட்டை மாட்டியது, நடந்தது, திரும்பி வந்தது எதுவும் சேராது.

இதில் என் வீட்டுக்காரர் கை வேகம். எந்தப் பழுதையும் அரைமணிக்குள் பிடித்துவிடுவார். அரைமணிக்குள் பிடித்தால் என்ன கிடைக்கும்? ஒரு ஞாயிறு இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, பெருமையாகச் சிரித்துக்கொண்டே வந்தார். சம்பளச் சீட்டில் அந்த நாளுக்கு எழுபத்தைந்து பைசா. சும்மா படுத்திருந்தால் இரண்டு ரூபாய். மறு ஞாயிறு ஸ்டாண்ட்பை பார்க்கிற இன்னொரு எலெக்ட்ரீஷியன் இருந்தார். ஃபியூஸ் போனாலும் மூன்று மணி நேரம் எடுப்பார். அவருக்கு ஐந்து ரூபாய் நாற்பது பைசா, கூடவே ரொம்ப நுணுக்கமாகப் பார்க்கிற ஆள் என்ற பேரும்.

நான் அவரை விடவில்லை. "இன்னாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவட்டுமே. ஒரு பீடி பத்தவச்சிக்கினு உக்காருங்களேன். யாரு கேக்கப் போறா?"

"கீழ ஆளுங்க நின்னுனு இருக்காங்கம்மே. கேஜ் வரலன்னா அவுங்களுக்கு இன்னா தெரியும்? கயிறு அறுந்துச்சோ, கரண்ட்டு போச்சோன்னு வவுறு கலங்கும்."

"நம்ம வவுறு?"

எனக்கு வந்த கோபத்தில் சோற்றை ஓசைப்பட வைப்பேன். உள்ளுக்குள் பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். குழாயடியில் எவளாவது மெதுவாகத் தண்ணீர் பிடித்தால், என் வீட்டுக்காரர் அதற்குள் ஒரு வைண்டரையே சரி பண்ணிவிடுவார் என்று சொன்னவள்தான் நான்.

ஒரு நாள் சிலிப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டு நானே டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். பொம்பளை அங்கே போய் நிற்கிற வழக்கம் இல்லை. கிளார்க் நல்ல மனுஷர், வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டார்.

"வேகமா முடிக்கிறவருக்கு இன்னாத்துக்கு அய்யா கம்மி?" என்றேன்.

"கூப்பிடாம இருந்தா காத்திருந்ததுக்குக் காசு. கூப்ட்டா வேலைக்குக் காசு. ரூல் அவ்ளோதாம்மா."

"கூப்ட்ட அன்னிக்கும் மீதி இருபத்திமூணு மணி நேரம் காத்துனுதானே இருக்காரு? போய்ட்டு வந்து மறுபடி வூட்டுலதானே குந்திக்கினு இருக்காரு?"

அவர் சிலிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இருபத்து மூன்று மணி நேரத்தை எழுத அவருடைய ரிஜிஸ்டரில் இடம் இல்லை. குரலைத் தாழ்த்தி, "உன் வூட்டுக்காரருதாம்மா கொஞ்சம் நிதானமா பாக்கணும். எல்லாரும் அப்டித்தான்" என்றார். நான் சொன்னதையே அவர் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வேறொருத்தர் வாயால் கேட்டபோது அது என் வீட்டுக்காரரைத் திருடச் சொல்வதாகப் பட்டது.

யூனியனில் எழுதிக் கொடுத்தோம். அலவன்ஸும் வேண்டும், போன நேரத்துக்குக் கூலியும் வேண்டும், இதுதான் கோரிக்கை. செக்ரட்டரி இரண்டு முறை பேச்சுவார்த்தைக்குப் போனார். மாதக்கணக்கில் ஒன்றும் காணோம். ஒரு நாள் சாயங்காலம் அவரே சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, ஜெயிச்சிட்டோம். இனிமே கூப்ட்டா பத்து நிமிஷ வேலன்னாலும் ஒரு மணி நேரம்னு போடுவாங்க."

"அலவன்ஸு?"

"அது கூப்ட்ட நாளுக்கு இல்ல. அத்த வுடல அவுங்க."

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபாய் எண்பது. சும்மா இருந்தால் இரண்டு ரூபாய். இத்தனை மாதம் சண்டை போட்டு, இருபது பைசா குறைவாக ஜெயித்திருந்தோம். அதைச் சொன்னேன். செக்ரட்டரி, "முன்ன எழுவத்தஞ்சு பைசாதானேக்கா" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து முகம் கழுவப் போனார். அந்த இருபது பைசா அவரைச் சுட்டுவிட்டது. எழுபத்தைந்து பைசா கொடுத்தபோது கம்பெனிக்குத் தெரியவில்லை என்று நினைத்திருந்தார். இப்போது உட்கார்ந்து பேசி, தெரிந்தே, சும்மா இருப்பவனைவிட வேலை செய்பவனுக்கு இருபது பைசா குறைத்திருந்தார்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு, பகல் பதினொன்றரை மணிக்குப் பியூன் வந்தார். கேஜ் நின்றுவிட்டது, பிரேக் விடவில்லை. இவர் போனார். பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டரை ஆயிற்று. பெரிய பழுது போலிருக்கிறது என்று நான் சாமியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு வந்தார்.

"ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?"

"பிரேக்கைத் தூக்குற காண்டாக்ட்டு கருகிப் போச்சு. தேச்சு வுட்டேன். பத்து நிமிஷம்."

"அப்பறம்?"

"அப்பறம் பெட்டிய மூடல. பாத்துனு இருக்கற மாரி உக்காந்துனு இருந்தேன். டோக்கன் கணக்குல மொத்தம் ஒன்னேகால் மணி நேரம். ரெண்டு ரூபா கால். கம்பெனி போட்ட கணக்கையும் தாண்டிடுச்சு, நீ போட்ட கணக்கையும் தாண்டிடுச்சு."

நான் தட்டு வைத்தேன். அவர் உட்காரவில்லை.

"கீழ பதினோரு பேரு நின்னுனு இருந்தாங்கம்மே. மேல வந்தப்போ ஒவ்வொருத்தரா எண்ணினேன். கடைசியா வந்த பெரியவரு என் கையப் புடிச்சிக்கினு, நீ வந்துட்டேன்னு கேட்டதுமே பயம் போச்சுப்பா, உன் கை வேகம்னு தெரியும்னாரு."

நூறு தடவை நான் செய்யச் சொன்ன காரியம். அன்றைக்கு அவர் அதைச் செய்துவிட்டு வந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பெனியைத் திட்ட வாய் வந்தது. ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் பாதி என்னுடையது. அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

திங்களன்று ஸ்டாண்ட்பை லிஸ்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். எல்லா ஞாயிறும் அந்த மூன்று மணி நேரக்காரருக்கே போனது. நான் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. மாதத்தில் நாலு ரூபாய் குறைந்தது. போகட்டும், எங்களுக்கு எல்லா ஞாயிறும் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டேன்.

அவருக்கு ஸ்டாண்ட்பை வந்திருக்க வேண்டிய அடுத்த ஞாயிறு மத்தியானம் நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொள்ள, இரண்டு பேரும் ராபர்ட்சன்பேட்டைக்குச் சினிமா பார்க்கக் கிளம்பினோம். அப்படிப்பட்ட ஞாயிற்றில் மேட்னி பார்க்கப் போவது கலியாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. லைனைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். ஷாஃப்டின் மேலே கேஜ் கயிறு ஓடுகிற பெரிய சக்கரம் அசையாமல் நின்றது. ஆள் ஏறுகிற நேரம், அது சுற்ற வேண்டும் என்றார். பியூன் சைக்கிள் எங்களைத் தாண்டி அந்த இன்னொருவர் வீட்டுப் பக்கம் போனது. பியூன் இவரைப் பார்த்தார், நிற்கவில்லை. சிலிப்பில் வேறு பெயர் இருந்தது.

"வாங்க, டிக்கெட்டு தீந்துடும்" என்றேன்.

"பிரேக்கா இருக்கும்" என்றார். "இல்லாங்காட்டி ஓவர்ஸ்பீடு ட்ரிப்பு, வேகம் மீறி தானா நின்னுருக்கும்."

"கூப்புடாம உள்ள வுட மாட்டாங்க. டோக்கனும் கிடையாது."

"தெரியும்மே."

வெயில் சுள்ளென்று அடித்தது. நான் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, ரோட்டோரச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் சாயக்கூட இல்லை. கண்ணை எடுக்காமல் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். சக்கரம் திரும்பச் சுற்றுவதற்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.